எக்ஸிட் லோடு ஒருமுறை, கமிஷன் தினமும்: ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறும் கணக்கு

கேள்வி: "ஐயா, விளக்குத்தூண் பக்கத்தில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரே ஈக்விட்டி ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போகிறது. சேர்த்துவிட்டவர் எனக்கு அண்ணன் முறை. 'நீ எனக்கு ஒரு பைசா தர வேண்டாம், கம்பெனி தருகிறது' என்றார். இப்போது மச்சினன் டைரக்டுக்கு மாற்று என்கிறான். அண்ணனைக் கேட்டால், மாற்றினால் வெளியேறும்போது பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு போகும், டைரக்டில் யூனிட்டும் குறைவாகத்தான் கிடைக்கும் என்கிறார். யார் சொல்வது சரி? இப்போதே மாற்றலாமா?"

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார். கமிஷனைக் கம்பெனிதான் தருகிறது, சரி. அந்தப் பணம் கம்பெனிக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் மீதிப் பாதி. மச்சினன் சொல்வதும் சரிதான். ஆனால் அவர் சொல்கிற "இப்போதே" என்பதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மதுரையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஆண்டுதோறும் ஜூலையில் இந்த ஃபண்ட் அறிக்கைகளைக் கட்டுக் கட்டாகப் புரட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கமிஷன். ஒரு ஃபண்டை நடத்த ஆகும் செலவு முழுவதையும், அதாவது நிர்வாகக் கட்டணம், பதிவாளர் கட்டணம், விளம்பரம், விநியோகஸ்தர் கமிஷன் எல்லாவற்றையும் சேர்த்து, 'மொத்தச் செலவு விகிதம்' என்ற பெயரில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று வைத்திருப்பார்கள். அந்த ஆண்டுச் சதவீதத்தை நாள்கணக்கில் பிரித்து, தினமும் ஃபண்டின் சொத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் அன்றைய விலையான என்.ஏ.வி.யை அறிவிக்கிறார்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எதுவும் போகாது, பில் வராது, ரசீது வராது. அதனால்தான் "ஒரு பைசா தர வேண்டாம்" என்று ஒருவர் மனதாரச் சொல்ல முடிகிறது. ஃபண்டுகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2018 அக்டோபரில் போட்ட உத்தரவுக்குப் பிறகு, கமிஷனை ஃபண்ட் நிறுவனம் தன் சொந்தக் கணக்கிலிருந்து தரவே கூடாது. அந்தத் திட்டத்தின் பணத்திலிருந்துதான் தர வேண்டும். திட்டத்தின் பணம் என்றால் உங்களைப் போன்றவர்களின் பணம். 'கம்பெனி தருகிறது' என்பதன் முழுப் பொருள் இதுதான்.

அதே உத்தரவு இன்னொன்றையும் செய்தது. விற்ற அன்றே மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும் முன்கமிஷனை நிறுத்தியது. இப்போது இருப்பது பெரும்பாலும் 'ட்ரெயில்'தான். உங்கள் பணம் ஃபண்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய சந்தை மதிப்பின் மேல் கணக்கிட்டு, மாதாமாதம் விநியோகஸ்தருக்குப் போகும். நீங்கள் மாதம் 10,000 போட்டாலும் சரி, போடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா வைத்திருந்தாலும் சரி, அது போய்க்கொண்டே இருக்கும். உங்கள் பணம் வளர வளர அதுவும் வளரும்.

விநியோகஸ்தர் வழியாக நீங்கள் வைத்திருப்பது ரெகுலர் பிளான். டைரக்ட் பிளான் என்பது வேறு ஃபண்ட் அல்ல. அதே மேலாளர், அதே பங்குகள், அதே சொத்துத் தொகுப்பு. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வருகிறவர்களுக்குத் தனிப் பிளான் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்றும், அதில் கமிஷன் செலவைச் சேர்க்கக் கூடாது என்றும் செபி சொன்னது. டைரக்டிலும் செலவு உண்டு. மேலாளர் இலவசமாக வேலை செய்யவில்லை. கமிஷன் பகுதி மட்டும்தான் அதில் இல்லை. ஆகவே உங்கள் ஃபண்டின் ரெகுலர் பிளான் செலவு விகிதத்திலிருந்து டைரக்ட் பிளான் செலவு விகிதத்தைக் கழித்தால் கிடைப்பது, ஏறக்குறைய கமிஷனும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும். இரண்டு எண்களும் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகக் கிடைக்கும். ஈக்விட்டி ஃபண்டுகளில் இந்த வித்தியாசம் அரை சதவீதத்திலிருந்து ஒன்றேகால் சதவீதம் வரை பல அளவுகளில் இருக்கிறது. உங்களுடையதை நான் பார்க்கவில்லை. கணக்கு போடுவதற்காக 0.9 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். பார்த்துவிட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, டைரக்டில் யூனிட் குறைவாகக் கிடைக்கும் என்ற பேச்சு. கிடைக்கும் என்பது உண்மை. அது நஷ்டம் என்பது தவறு. டைரக்ட் பிளானின் என்.ஏ.வி. எப்போதும் ரெகுலரைவிட அதிகமாக இருக்கும். ஏன் என்று பாருங்கள். 2013க்கு முன்பே இருந்த ஒரு ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டைரக்ட் பிளான் தொடங்கியபோது இரண்டின் என்.ஏ.வி.யும் ஒன்றாகத்தான் புறப்பட்டன. அன்றிலிருந்து ஒன்றிலிருந்து தினமும் கொஞ்சம் அதிகமாகக் கழிந்தது, மற்றதிலிருந்து குறைவாகக் கழிந்தது. ஆண்டுக்கு 0.9 சதவீத வித்தியாசம் 12 ஆண்டுகளில் சுமார் 11 சதவீத இடைவெளியாகும். ரெகுலரில் 100 ரூபாய் என்றால் டைரக்டில் 111 ரூபாய். அண்ணன் உங்களைப் பயமுறுத்தக் காட்டிய அந்த விலை வித்தியாசம், ரெகுலரில் இருந்தவர்கள் இத்தனை ஆண்டுகளில் கூடுதலாகக் கொடுத்த செலவின் கணக்கு. உங்கள் ஃபண்ட் பழையது என்றால் இரண்டு என்.ஏ.வி.யையும் இன்று எடுத்து வகுத்துப் பாருங்கள். வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. மாறும்போது உங்கள் கையில் யூனிட்டின் எண்ணிக்கை குறையும், ரூபாய் மதிப்பு அப்படியே இருக்கும். ஒரு மீட்டர் 200 ரூபாய்த் துணியில் 100 மீட்டரைக் கொடுத்து, 250 ரூபாய்த் துணியில் 80 மீட்டர் வாங்கினால் உங்கள் கடையில் சரக்கு குறைந்துவிட்டது என்று எழுதுவீர்களா?

அடுத்து எக்ஸிட் லோடு. கமிஷனோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், அதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 1க்கு முன்பு 'என்ட்ரி லோடு' என்று ஒன்று இருந்தது. ஈக்விட்டி ஃபண்டில் 10,000 போட்டால் 2.25 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு 9,775 ரூபாய்க்குத்தான் யூனிட் தருவார்கள். பிடித்த பணம் விற்பனைச் செலவுக்கும் கமிஷனுக்கும் போனது. அதை செபி ஒழித்தது. வெளியேறும்போது பிடிக்கும் பணத்தில் ஒரு பகுதியை விற்பனைச் செலவுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கமும் கொஞ்ச காலம் இருந்தது. 2012 அக்டோபரிலிருந்து அதுவும் மாறிவிட்டது: எக்ஸிட் லோடாகப் பிடிக்கும் தொகை, வரி போக, அந்தத் திட்டத்துக்கே திரும்பச் சேர வேண்டும். ஆகவே நீங்கள் கட்டும் எக்ஸிட் லோடு அண்ணனுக்கும் போகாது, கம்பெனிக்கும் போகாது. உங்களோடு அந்த ஃபண்டில் இருந்து, வெளியேறாமல் தங்குகிறவர்களின் சொத்தில் போய்ச் சேரும். அவசரப்பட்டு வெளியேறுகிறவர், அதனால் ஆகும் செலவை மற்றவர் தலையில் வைக்காமல் தானே கொஞ்சம் ஈடு செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது அதன் நியாயம்.

பெரும்பாலான ஈக்விட்டி ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் ஒரு சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஃபண்டுகளில் காலம் குறைவு. சிலவற்றில் 10 சதவீத யூனிட்டுகள் வரை கட்டணமின்றி எடுக்கலாம். உங்களுடைய விதி திட்ட ஆவணத்தில் 'லோடு' என்ற தலைப்பில் இருக்கும். நீங்கள் வாங்கிய பிறகு நிறுவனம் விதியைக் கடுமையாக்கினால் அது புதிதாக வாங்குவதற்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே வாங்கிய யூனிட்டைத் தொடாது. இந்த ஒரு சதவீதம் லாபத்தின் மேல் அல்ல, எடுக்கும் மொத்த மதிப்பின் மேல். நஷ்டத்தில் எடுத்தாலும் உண்டு.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது அதே ஃபண்டுக்குள் நடந்தாலும், ஒன்றை விற்று மற்றதை வாங்குவதாகத்தான் கணக்கு. வரிச் சட்டத்துக்கு அது விற்பனையே, சந்தேகமில்லை. எக்ஸிட் லோடு மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விநியோகஸ்தர் வழியாக வந்த பணம் டைரக்டுக்கு மாறினால் லோடு உண்டு என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, ஒரே திட்டத்துக்குள் மாறினால் வேண்டாம் என்று விட்டவையும் இருக்கின்றன. ஆவணத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். நான் உண்டு என்றே வைத்துக் கணக்கிடுகிறேன்.

எஸ்.ஐ.பி. போடுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: "எனக்குத்தான் மூன்று ஆண்டு ஆகிவிட்டதே, லோடு எங்கிருந்து வரும்?" மூன்று ஆண்டு ஆனது உங்கள் முதல் தவணைக்கு மட்டும். ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனிக் கொள்முதல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓராண்டு. போன மாதம் போட்ட 10,000 ரூபாய்க்கு இன்னும் பதினொரு மாதம் பாக்கி. எடுக்கும்போது எது முதலில் போகும் என்றால், முதலில் வாங்கியதே முதலில் போகும். இந்த வரிசைதான் உங்களுக்குக் கை கொடுக்கப்போகிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 36 தவணை, போட்ட பணம் 3,60,000. ஆண்டுக்கு 13 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் சீராக வளர்ந்ததாக வைத்தால் இன்றைய மதிப்பு சுமார் 4,42,000 ரூபாய். சந்தை சீராக வளராது. எண்கள் கைக்கு அடக்கமாக வரட்டும் என்பதற்காக இப்படி. இதை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். முதல் 24 தவணைகள், ஓராண்டைத் தாண்டியவை: போட்டது 2,40,000, மதிப்பு சுமார் 3,13,200, லாபம் 73,200. கடைசி 12 தவணைகள், ஓராண்டு நிறையாதவை: போட்டது 1,20,000, மதிப்பு 1,28,800, லாபம் 8,800.

மச்சினன் சொல்வதுபோல் இன்றே மொத்தத்தையும் மாற்றினால், பழைய கட்டுக்கு எக்ஸிட் லோடு இல்லை. அதன் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். ஈக்விட்டி ஃபண்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து கிடைக்கும் ஆதாயத்தில், ஒரு நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரை வரி கிடையாது; அதற்கு மேல் 12.5 சதவீதம். வேறு பங்குகளோ ஃபண்டோ விற்று இந்த ஆண்டு லாபம் பார்த்திருக்காவிட்டால் உங்கள் 73,200க்கு வரி பூஜ்யம். புதிய கட்டுக்கு எக்ஸிட் லோடு 1,288 ரூபாய். அதன் லாபம் குறுகியகாலம். 20 சதவீதம் என்றால் 1,760, செஸ்ஸும் சேர்த்தால் 1,830 ரூபாய். ஆக மொத்தம் சுமார் 3,100 ரூபாய் செலவு, அத்தனையும் புதிய கட்டிலிருந்து.

இப்போது காத்திருப்பதற்கு என்ன செலவு? புதிய கட்டை ரெகுலரிலேயே முழுசாக ஓராண்டு விட்டுவைத்தால், 1,28,800க்கு 0.9 சதவீதம், அதாவது சுமார் 1,160 ரூபாய் கமிஷனாகக் கழியும். கவனியுங்கள்: எக்ஸிட் லோடும் ஓராண்டுக் கமிஷனும் ஏறக்குறைய ஒரே தொகைதான். அண்ணன் எச்சரித்த அந்த எக்ஸிட் லோடு, அவருக்குப் போகும் ஓர் ஆண்டுக் கமிஷன் அளவுதான். எக்ஸிட் லோடு ஒருமுறையோடு முடிந்துவிடும். கமிஷன் அடுத்த ஆண்டும் உண்டு. காத்திருப்பது லாபம் என்று ஆவது எக்ஸிட் லோடால் அல்ல, குறுகியகால வரியால்தான். காத்திருந்தால் அந்த வரியும் போய்விடும். அடுத்த ஆண்டு அதே லாபம் நீண்டகாலமாகி 1,25,000 ரூபாய் வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஆகவே நான் செய்வது இது. பழைய 24 தவணைகளின் யூனிட்டுகளை இன்றே டைரக்டுக்கு மாற்றுவேன். ரெகுலரில் போகும் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு, அதே தேதிக்கு டைரக்டில் புதிய எஸ்.ஐ.பி. போடுவேன். ஆறு மாதம் கழித்து, அதற்குள் ஓராண்டு நிறைந்த ஆறு தவணைகளை மாற்றுவேன். இன்னும் ஆறு மாதம் கழித்து மீதியை. இப்படிச் செய்தால் காத்திருக்கும் காலத்தில் கழியும் கமிஷன் இன்றைய மதிப்பில் சுமார் 860 ரூபாயோடு முடியும், எக்ஸிட் லோடும் வரியும் இல்லை. மாற்றும்போது அரசு பிடிக்கும் பரிவர்த்தனை வரியும் முத்திரைக் கட்டணமும் உண்டு. 3,13,200 ரூபாய்க்கு இரண்டும் சேர்த்து 20 ரூபாய்கூட ஆகாது. மறந்துவிடலாம். மாதாமாதம் ஒரு தவணையாக மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், மிச்சம் சில நூறு ரூபாய். வரித் தாக்கலில் பன்னிரண்டு வரி கூடும். ஜூலையில் என்னைப் போன்றவனுக்கு நீங்கள் கொடுக்கும் கூலி அதைவிட அதிகமாகிவிடும்.

இத்தனை பாடு எதற்கு என்றால் பின்னால் வரும் ஆண்டுகளுக்காக. 4,42,000 ரூபாயில் 0.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3,980, நாளுக்குச் சுமார் 11 ரூபாய். சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஆனால் இனி ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் இந்தப் பணத்தை மட்டும் 15 ஆண்டு விட்டால், டைரக்டில் 12 சதவீதம் வளர்வதாக வைத்தால் 24.2 லட்சம், அதே ஃபண்டின் ரெகுலரில் 11.1 சதவீதம், 21.4 லட்சம். இடைவெளி சுமார் 2.75 லட்சம். மாதம் 10,000 தொடர்ந்து போட்டால் இன்னும் விரியும். இந்த 2.75 லட்சம் முழுவதும் அண்ணன் கைக்குப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் போவது அந்தந்த ஆண்டுக் கமிஷன். மீதி, அந்தப் பணம் உங்களிடமே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வளர்ச்சி.

மாற்றாமல் இருக்க வேண்டிய நிலையும் உண்டு. அடுத்த சில மாதங்களில் கல்யாணம், வீடு என்று இந்தப் பணத்தை எடுக்கப்போகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். டைரக்டுக்கு மாறிய யூனிட்டுக்கு மாறிய தேதிதான் வாங்கிய தேதி. வரிக்கான 12 மாதம் முதலிலிருந்து தொடங்கும். ஃபண்டின் விதியைப் பொறுத்து எக்ஸிட் லோடுக்கான ஓராண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். சில மாதக் கமிஷனை மிச்சம் பிடிக்கப் போய், சந்தை நன்றாக ஏறியிருந்தால் குறுகியகால வரியும் ஒரு சதவீத லோடும் கட்ட நேரும்.

அண்ணனுக்கு ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். கமிஷன் வாங்குவது குற்றமல்ல. வாங்குகிற கமிஷனுக்கு என்ன செய்கிறார் என்பதே கேள்வி. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று ஓடியவரைக் கையைப் பிடித்து நிறுத்திய விநியோகஸ்தர், பத்து ஆண்டுக் கமிஷனை அந்த ஒரு வாரத்தில் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார். திருமங்கலம் பக்கத்தில் கணவரை இழந்த ஒரு அம்மாவுக்கு, நாமினி பெயரே போடாத நான்கு ஃபண்ட் கணக்குகளை, அதாவது ஃபோலியோக்களை, ஒரு விநியோகஸ்தர் அலைந்து திரிந்து மாற்றிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், சேர்த்துவிட்ட அன்றோடு சரி, பிறகு புது ஃபண்ட் வரும்போது மட்டும் போன் செய்கிறவர்களும் உண்டு. சிறிய ஃபண்டுக்கு அனுமதிக்கப்படும் செலவு விகிதம் அதிகம், ஆகவே கமிஷனும் அதிகமாகக் கிடைக்க வழியுண்டு என்பதை மட்டும் அந்தப் போனை எடுக்கும்போது நினைவில் வையுங்கள். அவர் பேச்சைக் கேட்டு ஓராண்டு நிறையாத பணத்தைப் புது ஃபண்டுக்கு நகர்த்தினால் எக்ஸிட் லோடும் வரியும் உங்களுடையது. அப்போது எக்ஸிட் லோடு பற்றி எச்சரித்தாரா என்று பாருங்கள். அது நல்ல அடையாளம்.

உங்கள் அண்ணனுக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடம் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. மார்ச், செப்டம்பர் முடிவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே விநியோகஸ்தருக்குப் போன மொத்தக் கமிஷன் ரூபாயில் அச்சாகியிருக்கும். அவருடைய வரியும் செலவும் கழிக்காத தொகை அது. முழுவதும் அவர் கையில் நிற்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு, இந்த வேலைக்கு இந்தக் கூலி தகும் என்று தோன்றினால் ரெகுலரிலேயே இருங்கள். அதில் ஒரு கேவலமும் இல்லை. தகாது என்று தோன்றினாலும், தானே பார்த்துக்கொள்ளத் துணிவு வராவிட்டாலும், செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகருக்கு நேரடியாகக் கட்டணம் கொடுத்து டைரக்டில் இருக்கும் வழியும் உண்டு. "கமிஷனில் பாதியை உனக்கே தருகிறேன், ரெகுலரிலேயே இரு" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். கமிஷனை வாடிக்கையாளரோடு பங்கிடுவது விநியோகஸ்தர்களுக்கு விலக்கப்பட்ட காரியம். ஒரு விதியைப் பற்றி அப்படி நினைக்கிறவர் மற்ற விதிகளையும் அப்படித்தான் நினைப்பார்.

மாற்றுவதென்று முடிவானால் நடைமுறை. அறிக்கையை எடுத்து, முதல் 24 தவணைகளுக்கு எதிரே உள்ள யூனிட்டுகளைக் கூட்டுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் உள்ளவற்றையும் விடாமல் கூட்டுங்கள். மாற்றும் படிவத்தில் தொகை, யூனிட், மொத்தம் என்று மூன்று வழி இருக்கும். யூனிட் என்பதைத் தேர்ந்து அந்தக் கூட்டுத்தொகையை எழுதுங்கள். தொகையை எழுதினால் அன்றைய என்.ஏ.வி. நகர்வில் 25ஆவது தவணைக்குள் கொஞ்சம் புகுந்துவிடும். 'மொத்தம்' என்று தட்டிவிட்டால் கதை முடிந்தது. 24ஆவது தவணையின் ஒதுக்கீட்டுத் தேதி நேற்றுத்தான் ஓராண்டைத் தொட்டது என்றால் நான்கு நாள் பொறுத்துச் செய்யுங்கள். பணம் வங்கியிலிருந்து போன தேதியும் யூனிட் ஒதுக்கிய தேதியும் ஒன்றல்ல; எண்ண வேண்டியது பின்னதை.

போய்ச் சேரும் திட்டத்தின் பெயரில் Direct Plan - Growth என்று இருக்க வேண்டும். அதே பட்டியலில் IDCW என்று முடியும் ஒன்றும் இருக்கும். அது அவ்வப்போது பணம் பிரித்துத் தரும் வகை, தருவதற்கு உங்கள் வரி விகிதப்படி வரி, தவறித் தொட்டுவிடாதீர்கள். யூனிட்டை மாற்றியதால் எஸ்.ஐ.பி.யும் தானாக மாறிவிடும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மாறாது. பழையதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும், புதியதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ரத்துக்குச் சில வேலை நாட்கள் பிடிக்கும், ஆகவே தவணைத் தேதிக்கு முந்தின நாள் செய்து பயனில்லை. இரண்டு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள். புதிய தவணைக்கு எதிரே ஆலோசகர் என்ற இடத்தில் ARN- என்று தொடங்கும் எண் இருந்தால் இன்னும் ரெகுலர்தான். DIRECT என்று இருந்தால் சரி. ஆன்லைனில் போட்டேன், ஆகவே டைரக்ட் என்பதும் தவறான நம்பிக்கை. வங்கிச் செயலிகளில் போடுவது பெரும்பாலும் ரெகுலர். விநியோகஸ்தர் அனுப்பும் இணைப்பைத் தட்டினால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே அவர் எண் ஒட்டிக்கொண்டு வரும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உறவுக்காரர் சேர்த்துவிட்ட ஃபோலியோக்களில் பாதிக்கு, பதிவான மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அந்த உறவுக்காரருடையதாகவே இருக்கும். வசதிக்காகச் செய்திருப்பார், ஆனால் ஒரு முறை வரும் கடவுச்சொல் அவர் போனுக்குத்தான் போகும், உங்களால் எதையும் மாற்ற முடியாது. அப்படியிருந்தால் உங்கள் ஃபண்டின் பதிவாளர் கேம்ஸா கேஃபின்டெக்கா என்று அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மதுரையில் சேவை மையம் இருக்கிறது. பான் அட்டையோடு போய், எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்ற எழுதிக் கொடுங்கள். போகும்போதே நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மாற்றும் படிவத்தையும் அங்கேயே கொடுக்கலாம். பிற்பகல் 3 மணிக்குள் கொடுத்தால் அன்றைய என்.ஏ.வி., தாண்டினால் அடுத்த வேலை நாளுடையது.